இரண்டு சதவீத எட்ஜ், எட்டு சதவீதச் செலவு: வெளிநாட்டில் இருந்து பந்தயம் கட்டுவோர் கேட்கும் கேள்விகள்

புக்மேக்கர் தளத்தில் "டெபாசிட்டுக்குக் கட்டணம் இல்லை" என்றுதான் போட்டிருக்கிறது. அப்புறம் செலவு எங்கிருந்து வருகிறது?

அந்த வரி பொய்யில்லை. அவர்கள் தங்கள் பங்குக்கு எதுவும் பிடிக்கவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. உங்கள் பணம் அவர்களிடம் போய்ச் சேரும் வழியில் வேறு ஆட்கள் நிற்கிறார்கள். உங்கள் வங்கி, கார்டு நெட்வொர்க், நடுவில் பணத்தைக் கைமாற்றும் பேமென்ட் நிறுவனம் எல்லோரும் அதில் உண்டு. உங்கள் வங்கிக் கணக்கு ஒரு கரன்சியிலும் பந்தயக் கணக்கு வேறு கரன்சியிலும் இருந்தால், இவர்களில் யாரோ ஒருவர் மாற்றித்தான் ஆக வேண்டும். சும்மா மாற்றித் தர யாரும் இல்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது வாடிக்கையாக நடக்கும். சம்பளம் ஒரு கரன்சி, சேமிப்பு இன்னொன்று, பந்தயக் கணக்கு மூன்றாவது ஒன்று. நான் முதல்முறை டெபாசிட் செய்தபோது ஸ்டேட்மெண்டில் தொகை சரியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து அதற்குக் கீழே "வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம்" என்று தனியாக ஒரு வரி வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. இதற்கிடையில் அதே வழியில் மூன்று தடவை பணம் போட்டுவிட்டேன்.

சதவீதமாகச் சொன்னால் மனதில் நிற்கவில்லை. ஒரு முழுக் கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

போட்டுவிடலாம். ஒருவருக்கு வங்கிக் கணக்கு டாலரில், பந்தயக் கணக்கு யூரோவில் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, அன்றைய சந்தை விலை 1 யூரோவுக்கு 1.10 டாலர் என்று எடுத்துக்கொள்கிறேன். சந்தை விலை என்றால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் விலை. இணையத்தில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் அதுதான்.

அவர் கார்டு மூலம் 1,000 யூரோ போடுகிறார். சந்தை விலைப்படி அது 1,100 டாலர். அவருடைய வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3 சதவீதம் பிடிக்கிறது, அதாவது 33 டாலர். ஆகக் கையைவிட்டுப் போனது 1,133 டாலர்.

ஒரு மாதம் முழுக்க பந்தயத்துக்கு 20 யூரோ வீதம் 100 பந்தயம் கட்டுகிறார். மொத்தம் 2,000 யூரோ பந்தயத்தில் ஓடியிருக்கிறது. அவருடைய எட்ஜ் 2 சதவீதம். அதாவது கட்டும் ஒவ்வொரு 100 யூரோவுக்கும் நீண்டகாலச் சராசரியில் 2 யூரோ லாபம். அந்த மாதம் சராசரிப்படியே நடந்தது என்றால் லாபம் 40 யூரோ. திரையில் 1,040 யூரோ காட்டுகிறது. நல்ல மாதம்தான்.

இப்போது எல்லாவற்றையும் எடுக்கிறார். வங்கிக்கு அனுப்ப புக்மேக்கர் 15 யூரோ பிடிக்கிறார். மீதி 1,025 யூரோ. அவருடைய வங்கி அதை டாலராக மாற்றும்போது சந்தை விலையைவிட 2.5 சதவீதம் குறைவான விலை தருகிறது. 1,127.50 டாலராக வந்திருக்க வேண்டியது 1,099.31 ஆகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை வரவு வைக்க வங்கி இன்னொரு 10 டாலர் எடுத்துக்கொள்கிறது. கடைசியில் கைக்கு வந்தது 1,089.31 டாலர்.

போட்டது 1,133, வந்தது 1,089.31. திரையில் 40 யூரோ, அதாவது 44 டாலர் லாபம். கையில் கிட்டத்தட்ட அதே அளவு நஷ்டம், 43.69 டாலர். பந்தயங்களில் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. போக வர ஆன செலவு மட்டும் 87.69 டாலர். போட்ட 1,100 டாலர் மதிப்பில் அது கிட்டத்தட்ட 8 சதவீதம்.

இதில் ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். 3 சதவீதம், 15 யூரோ, 2.5 சதவீதம், 10 டாலர். இந்த நான்கும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நாட்களில், ஒன்று யூரோவிலும் மற்றவை டாலரிலுமாகப் பதிவாகின்றன. அதனால்தான் யாரும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பதில்லை.

அப்படியானால் ஒவ்வொரு பந்தயத்தின் எட்ஜிலிருந்தும் இந்த 8 சதவீதத்தைக் கழிக்க வேண்டுமா? 2 சதவீத எட்ஜ் வைத்து எதுவுமே செய்ய முடியாதே.

கழிக்க வேண்டாம். பலரும் குழம்பும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கட்டணம் ஒரு பயணத்துக்கு ஒருமுறை வருகிறது, அதாவது பணம் உள்ளே போய் வெளியே வரும் ஒரு சுற்றுக்கு. எட்ஜோ கட்டும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் வருகிறது. உள்ளே போன அதே 1,000 யூரோ, வெளியே வருவதற்குள் எத்தனை முறை பந்தயமாகச் சுழல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேலே பார்த்தவருடைய பணம் இரண்டு முறை சுழன்றது: 1,000 யூரோ டெபாசிட், 2,000 யூரோ பந்தயம். இரண்டு சுழற்சியில் 2 சதவீத எட்ஜ் கொடுத்தது டெபாசிட்டில் 4 சதவீதம். செலவு 8 சதவீதம்.

போட்ட பணம் அப்படியே திரும்பி வர எத்தனை சுழற்சி தேவை என்பதற்கு ஒரு வகுத்தல் போதும்:

```
தேவையான சுழற்சி = போக வரச் செலவு % ÷ எட்ஜ் %
```

அவருக்கு 8 ÷ 2 = 4. நான்கு முறை, அதாவது சுமார் 4,000 யூரோவுக்குப் பந்தயம் கட்டிய பிறகுதான் அவர் பூஜ்ஜியத்துக்கே வருகிறார். உண்மையில் கொஞ்சம் கூடவே ஆகும், ஏனென்றால் வெளியே எடுக்கும்போது லாபத்தின் மீதும் கரன்சி மாற்றுச் செலவு விழும். எட்ஜ் 1 சதவீதம்தான் என்றால் இதே செலவுக்கு எட்டு சுழற்சி. 5 சதவீத எட்ஜ் உள்ளவருக்கு இரண்டுகூடத் தேவையில்லை. செலவு எல்லோருக்கும் ஒன்றுதான். எட்ஜ் சின்னதாக இருப்பவருக்குத்தான் அது கழுத்தை நெரிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. டெபாசிட் கட்டணம் கட்டியாகிவிட்டது என்றால் அது போனதுதான். "போட்ட செலவை எடுத்தாக வேண்டும்" என்று எட்ஜ் இல்லாத பந்தயங்களைக் கட்டிச் சுழற்சியை ஏற்றுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். உள்ளே இருக்கும் பணத்துக்கு, எதிரில் உள்ள பந்தயம் தன்னளவில் லாபமானதா என்பது மட்டும்தான் கேள்வி.

மாதம் ஒருமுறை லாபத்தோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி புதிதாகப் போடுகிறேன். ஒழுங்காக இருக்கிறதே, இதில் என்ன தவறு?

ஒழுங்கு சரிதான், அதற்கு ஆகும் விலையைப் பாருங்கள். மேலே உள்ள அதே ஆளை ஆறு மாதம் இப்படி விடுவோம். மாதம் 43.69 டாலர் வீதம் ஆறு மாதத்தில் 262 டாலர் நஷ்டம்.

அதே ஆள், அதே 600 பந்தயம், அதே 2 சதவீத எட்ஜ். ஆனால் ஒருமுறை போட்டு ஆறு மாதம் கழித்து ஒருமுறை எடுக்கிறார். லாபம் 240 யூரோ, கணக்கில் 1,240. புக்மேக்கரின் 15 யூரோ போக 1,225. சந்தை விலைப்படி 1,347.50 டாலர். 2.5 சதவீதம் போக 1,313.81, வங்கியின் 10 டாலர் போக 1,303.81. போட்டது 1,133. கையில் 170 டாலருக்கு மேல் லாபம்.

ஒரே பந்தயங்கள். ஒரு பக்கம் 262 டாலர் நஷ்டம், மறுபக்கம் 170 டாலர் லாபம். இந்த இடைவெளியை எட்ஜை ஏற்றி அடைக்க வேண்டுமென்றால் எத்தனை இரவு உட்கார்ந்து ஆட்ஸ் பார்க்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காகப் பணத்தை எல்லாம் புக்மேக்கரிடமே விட்டு வைக்கச் சொல்லவில்லை. அங்கே இருக்கும் பணம் வங்கி டெபாசிட் அல்ல. நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிரிட்டனில் உரிமம் பெற்றவர்கள் அந்தப் பாதுகாப்பு எந்த அளவு என்பதைத் தங்கள் விதிமுறைகளில் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அதைத் தேடிப் படியுங்கள். என் வழக்கம் இது: பந்தயத்துக்கு உண்மையில் தேவைப்படும் தொகையை உள்ளே விடுவேன், அதற்கு மேல் நிலையான கட்டணம் ஒரு சதவீதத்தைத் தாண்டாத அளவு சேர்ந்ததும் எடுப்பேன். 15 யூரோ கட்டணம் என்றால் 1,500 யூரோவுக்குக் குறைவாக எடுப்பதில்லை. 100 யூரோ எடுக்க 15 யூரோ கொடுத்தால் அது 15 சதவீதம்.

சில இடங்களில் மாதம் ஒரு முறை எடுப்பது இலவசம், அடுத்ததற்குத்தான் கட்டணம். அப்படியிருந்தால் அந்த ஒன்றை வீணாக்காதீர்கள். ஆனாலும் கரன்சி மாற்றுச் செலவு அதில் அடங்காது.

டெபாசிட் போடும்போது "உங்கள் சொந்தக் கரன்சியில் செலுத்தலாம்" என்று ஒரு பெட்டி வருகிறது. எதைத் தட்டுவது?

பந்தயக் கணக்கு எந்தக் கரன்சியோ அதைத் தட்டுங்கள். சொந்தக் கரன்சியைத் தேர்ந்தால் மாற்று விலையை நிர்ணயிப்பது விற்பவர் பக்கத்துப் பேமென்ட் நிறுவனம். அவர்கள் தரும் விலை சந்தை விலையைவிட 4, 5 சதவீதம், சில நேரம் அதைவிட அதிகமாகவும் மோசமாக இருக்கும். "எவ்வளவு பிடிக்கப்படும் என்று இப்போதே தெரியும்" என்பதுதான் அவர்கள் சொல்லும் வசதி. தெரிவது நல்லதுதான், ஆனால் தெரிந்துகொள்ள அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை. அதோடு, சில வங்கிகள் விற்பவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதற்காக, சொந்தக் கரன்சியில் கட்டினாலும் தங்கள் வெளிநாட்டுக் கட்டணத்தையும் போட்டுவிடும். அப்போது இரண்டு அடி.

அந்தப் பெட்டி சில நேரம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும். அவசரத்தில், மேட்ச் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போடும் டெபாசிட்டில்தான் இது கண்ணில் படாமல் போய்விடும்.

கிரெடிட் கார்டில் போட்டால் பாயின்டும் கிடைக்கும், ஒரு மாத அவகாசமும் கிடைக்குமே?

பெரும்பாலும் இரண்டும் கிடைக்காது. கார்டு பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் விற்பவரின் வகையைச் சொல்லும் நான்கு இலக்கக் குறியீடு உண்டு. பந்தயத்துக்கு அது 7995. பல வங்கிகள் அந்தக் குறியீட்டைப் பார்த்ததும் அதைக் கடையில் பொருள் வாங்கியதாக எடுத்துக்கொள்வதில்லை, ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்ததைப் போல நடத்துகின்றன. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, வட்டியும் அன்றைக்கே ஓடத் தொடங்கும். வட்டியில்லா நாட்கள் பொருந்தாது. 2 சதவீத எட்ஜுக்கு இது ஒத்தே வராது.

சில நாடுகளில் இந்த வழியே கிடையாது. பிரிட்டன் 2020 ஏப்ரலிலும், ஆஸ்திரேலியா ஆன்லைன் பந்தயத்துக்கு 2024 ஜூனிலும் கிரெடிட் கார்டைத் தடை செய்துவிட்டன. நீங்கள் இருக்கும் நாட்டில் ஆன்லைன் பந்தயமே அனுமதிக்கப்பட்டதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டிக் கணக்கு நடத்தினால், பணம் எடுக்கும் நேரத்தில் முகவரிச் சான்று கேட்பார்கள். அப்போது போவது ஓரிரண்டு சதவீதம் இல்லை, மொத்த இருப்பும் சிக்கிக்கொள்ளும்.

இ-வாலட் வைத்தால் எல்லாம் இலவசம் என்கிறார்கள். உண்மையா?

வாலட்டுக்கும் புக்மேக்கருக்கும் இடையே பணம் போய்வருவது பெரும்பாலும் இலவசம், வேகமும் உண்டு. பல புக்மேக்கர்களுக்கு இடையே பணத்தைச் சுற்றுபவர்களுக்கு அதுதான் அதன் உண்மையான பயன். வாலட்டின் இரண்டு முனைகளில்தான் செலவு உட்கார்ந்திருக்கிறது. வங்கியிலிருந்து வாலட்டில் ஏற்றுவதற்கு ஒரு கட்டணம், வாலட்டிலிருந்து வங்கிக்கு இறக்க இன்னொன்று. வாலட்டுக்குள்ளேயே கரன்சி மாறினால் பிரபலமான வாலட்களில் 4 சதவீதத்தை ஒட்டிக்கூடப் போகிறது. சாதாரண வங்கியைவிட அது மோசம்.

ஆகவே வாலட்டைப் பந்தயக் கணக்கின் கரன்சியிலேயே தொடங்குங்கள். உள்ளே கரன்சி மாறவே கூடாது. வாலட் கணக்கு டாலரில், புக்மேக்கர் யூரோவில் என்றால் ஒவ்வொரு டெபாசிட்டிலும் ஒவ்வொரு எடுப்பிலும் அந்த 4 சதவீதம் விழும். மேலே போட்ட கணக்கில் 8 சதவீதத்துக்கே ஒருவர் நஷ்டத்தில் முடிந்தார். இங்கே மாற்றுச் செலவு மட்டுமே அந்த அளவுக்கு வந்துவிடும்.

புக்மேக்கர் 1,000 யூரோ அனுப்பியதாகச் சொல்கிறார், என் வங்கிக்கு வந்தது 982. யார் எடுத்தது?

நடுவில் இருந்த வங்கி. உங்கள் வங்கிக்கும் அனுப்பும் வங்கிக்கும் நேரடித் தொடர்பு இல்லாவிட்டால், மூன்றாவது வங்கி ஒன்றின் வழியாகப் பணம் வரும். அது தன் கூலியைத் தொகையிலிருந்தே எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பும். சர்வதேச வங்கிப் பரிமாற்றப் படிவத்தில் கட்டணம் யார் தலையில் என்பதற்கு மூன்று குறியீடுகள் உண்டு. `OUR` என்றால் எல்லாம் அனுப்புபவர் செலவு. `BEN` என்றால் எல்லாம் பெறுபவர் செலவு. `SHA` என்றால் அனுப்பும் வங்கியின் கட்டணம் அனுப்புபவருக்கு, வழியில் உள்ளதும் பெறுவதும் உங்களுக்கு. புக்மேக்கர்கள் `OUR` போட்டு அனுப்புவது அரிது.

அந்த 18 யூரோ புக்மேக்கர் பக்கத்தில் எங்குமே பதிவாகாது, அவர்களோடு வாதாடிப் பயனில்லை. உங்கள் வங்கியிடம் கேட்டால் வந்த செய்தியில் பிடித்தம் தெரியும்.

யூரோவில் அனுப்பி யூரோ கணக்கிலேயே பெறும்போது, இரண்டு வங்கிகளும் ஐரோப்பிய சேப்பா வலையமைப்பில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எல்லை தாண்டி யூரோ அனுப்புவதற்கு, உள்நாட்டு யூரோ பரிமாற்றத்துக்கு வாங்குவதைவிட அதிகம் வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வழியில் தொகையைக் குறைக்கவும் கூடாது.

அப்போ குறைந்த செலவு வழி என்று எதைச் சொல்வீர்கள்?

கரன்சி மாற்றத்தைப் புக்மேக்கருக்கும் கார்டுக்கும் விட்டுக்கொடுக்காமல், நீங்களே தனியாக, ஒரே தடவையாகச் செய்வது. பல கரன்சிகளை ஒரே இடத்தில் வைக்கும் கணக்கு இருந்தால், டாலரை அங்கே யூரோவாக மாற்றி, யூரோவாகவே புக்மேக்கருக்கு அனுப்பி, யூரோவாகவே திரும்பப் பெறலாம். மாற்றும் செலவு அரை சதவீதம் என்று வைத்து அதே ஒரு மாதக் கணக்கை மறுபடி போடுவோம். போகும்போது 5.50 டாலர், வரும்போது 5.72 டாலர், வேறு கட்டணம் இல்லை. 44 டாலர் லாபத்தில் 11.22 போய் 32.78 கையில் நிற்கிறது. முன்பு இதே மாதம் 43.69 நஷ்டத்தில் முடிந்தது. திரும்பி வந்த யூரோவை உடனே டாலராக்காமல் அங்கேயே அடுத்த டெபாசிட்டுக்கு வைத்தால் இன்னும் மிச்சம்.

தொடங்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள். முதலாவது, அந்தக் கணக்கு நிறுவனம் பந்தயப் பரிவர்த்தனையை அனுமதிக்கிறதா. சிலர் விதிமுறையிலேயே மறுக்கிறார்கள், மீறினால் கணக்கை முடக்குவார்கள். இரண்டாவது, கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். மனைவி பெயரில், நண்பர் பெயரில் உள்ள கணக்குக்கு புக்மேக்கர் பணம் அனுப்பமாட்டார். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: பணமோசடித் தடுப்பு விதிகளால், எந்த வழியில் பணம் உள்ளே வந்ததோ அதே வழியில்தான் போட்ட தொகை வரையாவது திருப்பி அனுப்புவார்கள். அவசரத்துக்குக் கார்டில் ஒரு 200 யூரோ போட்டுவிட்டால், அந்த 200 அந்த மோசமான வழியிலேயே திரும்பும். டெபாசிட் செய்யும் அன்றே எடுக்கும் வழியையும் தீர்மானித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் உண்மையான செலவு எவ்வளவு என்று எப்படி அளப்பது? வங்கி "பூஜ்ஜியக் கமிஷன்" என்கிறது.

கமிஷன் பூஜ்ஜியம் என்றால் அது விலையிலேயே கலந்திருக்கிறது என்று அர்த்தம். வங்கியில் பற்று வைத்த தொகையை, பந்தயக் கணக்கில் வரவான தொகையால் வகுத்துவிடுங்கள். 1,133 டாலர் போய் 1,000 யூரோ வந்தால் நீங்கள் கொடுத்த விலை 1.133. அதே நேரத்துச் சந்தை விலை 1.10. 1.133 ÷ 1.10 = 1.03, ஆக 3 சதவீதம். கட்டணம் என்ன பெயரில், எத்தனை வரியாக வந்தாலும் இந்த வகுத்தலில் மாட்டிக்கொள்ளும்.

கார்டில் ஒரு நுணுக்கம்: சில நேரம் நீங்கள் பணம் போட்ட நாளின் விலை பொருந்தாது, பரிவர்த்தனை முடிவாகும் நாளின் விலைதான் பொருந்தும். அதனால் ஒரே ஒரு டெபாசிட்டை வைத்து முடிவு செய்யாமல் மூன்று, நான்கைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அது கட்டணம். மேலும் கீழுமாக இருந்தால் விலை ஆட்டம்.

நான் ஷூர்பெட்தான் அடிக்கிறேன். ஆபத்தே இல்லாத லாபத்தை இந்தக் கட்டணம் என்ன செய்துவிடும்?

உங்களைத்தான் அதிகம் பாதிக்கும். ஷூர்பெட்டில் இரண்டு புக்மேக்கரிடம் எதிரெதிராகக் கட்டுகிறீர்கள். ஒன்று கட்டாயம் தோற்கும். மொத்தம் 1,000 யூரோ கட்டி 1.5 சதவீதம், அதாவது 15 யூரோ லாபம் என்றால், ஒரு கணக்கில் சுமார் 500 யூரோ காலியாகி மற்றதில் குவிகிறது. காலியான கணக்கை நிரப்ப 500 யூரோ போடுகிறீர்கள். அந்த டெபாசிட்டுக்கு 3 சதவீதம் என்றால் 15 யூரோ. லாபம் முழுக்கத் தீர்ந்தது. குவிந்த கணக்கிலிருந்து எடுக்கும் செலவை இன்னும் சேர்க்கவே இல்லை.

தோற்ற கணக்கில் இன்னும் பணம் மிச்சம் இருந்து, அடுத்த ஷூர்பெட்டில் அந்தப் பக்கம் ஜெயித்தால் பணம் தானாகத் திரும்பிவிடும், நிரப்பத் தேவையில்லை. அதனால் ஒவ்வொரு ஷூர்பெட்டுக்கும் நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் தொடர்ந்து நாலைந்து தடவை ஒரே பக்கம் போவது சகஜம். நீங்கள் அளக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு நிரப்பலுக்கும் அடுத்த நிரப்பலுக்கும் நடுவில் எத்தனை ஷூர்பெட் முடிகிறது? ஒவ்வொரு கணக்கிலும் ஒரு பந்தயத் தொகையைப்போல ஐந்தாறு மடங்காவது வைத்திருந்தால் இந்த எண்ணிக்கை நன்றாக உயரும். 500 யூரோ பந்தயத்துக்கு 500 யூரோ மட்டுமே வைத்து ஓட்டுபவர், கட்டணம் உள்ள வழியில் ஷூர்பெட் அடிக்காமல் இருப்பதே மேல்.

கணக்கில் யூரோவாக விட்டு வைத்தால் யூரோ விலை விழுந்துவிடாதா?

விழலாம், ஏறவும் செய்யலாம். கட்டணம் கட்டாயமாக உங்களுக்கு எதிராகத்தான் போகும், விலை ஆட்டம் அப்படியில்லை. ஆனால் அளவைக் கவனிக்க வேண்டும். கணக்கில் 1,240 யூரோ இருக்கும்போது விலை 1.10-லிருந்து 1.05-க்குப் போனால் 62 டாலர் இறங்கிவிடும். நம் ஆளின் ஒரு மாத எதிர்பார்ப்பு லாபமே 44 டாலர்தான். ஆண்டுக் கடைசியில் டாலர் கணக்கை மட்டும் பார்ப்பவர், யூரோ ஏறியதைத் தன் திறமை என்றோ, இறங்கியதைத் தன் தோல்வி என்றோ எடுத்துக்கொள்வார். பந்தய லாபத்தைப் பந்தயக் கரன்சியிலேயே எழுதுங்கள். கரன்சி மாற்றத்தைத் தனிப் பத்தியாக வையுங்கள்.

எனக்கு 2 சதவீத எட்ஜ் இருக்கிறது என்று எதை வைத்து நம்புவது?

கடந்த மாத லாபத்தை வைத்து நம்பாதீர்கள். ஆட்ஸ் 2.00 சுற்றி ஆயிரம் பந்தயம் கட்டினாலும், அதிர்ஷ்டத்தால் மட்டுமே முடிவு 6 சதவீதம் வரை மேலும் கீழும் போகலாம். உண்மையில் 2 சதவீத எட்ஜ் உள்ளவர் அந்த ஆயிரத்தில் 4 சதவீதம் நஷ்டத்தில் இருக்கலாம். எட்ஜே இல்லாதவர் லாபத்தில் இருக்கலாம்.

இதைவிட நல்ல அளவுகோல், நீங்கள் எடுத்த ஆட்ஸை மேட்ச் தொடங்கும் நேரத்து ஆட்ஸோடு ஒப்பிடுவது. பெரிய சந்தை ஒன்றின் கடைசி ஆட்ஸிலிருந்து புக்மேக்கர் மார்ஜினை நீக்கினால் 2.00 வருகிறது, நீங்கள் எடுத்தது 2.04 என்றால் அந்தப் பந்தயத்தில் எட்ஜ் 2 சதவீதம். சில நூறு பந்தயங்களின் சராசரி போதும், ஓரளவு தெளிவு வந்துவிடும். அந்தச் சராசரி பூஜ்ஜியத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால், மேலே உள்ள சுழற்சிக் கணக்கு எதுவும் உங்களுக்கு இல்லை. சுழற்சி கூடக்கூட நஷ்டம்தான் கூடும், எவ்வளவு மலிவான வழியில் பணம் போட்டாலும்.

கிரிப்டோவில் போட்டால்?

கரன்சி மாற்றம் அங்கே ஒழிந்துவிடாது, இடம் மாறும். கிரிப்டோ வாங்கும்போது ஒரு விலை வித்தியாசம், நெட்வொர்க் கட்டணம், திரும்ப விற்கும்போது இன்னொரு வித்தியாசம். சில புக்மேக்கர்கள் வந்த காயினைத் தங்கள் விலையில் யூரோவாக மாற்றியே வரவு வைப்பார்கள். அதையும் மேலே சொன்ன வகுத்தலில் போட்டுப் பாருங்கள். அதோடு கிரிப்டோ மட்டுமே ஏற்கும் தளங்களில் பலவற்றின் உரிமத்தைக் கொண்டு புகார் செய்து எதையும் பெற முடியாது. சின்ன எட்ஜுக்காக அந்த ஆபத்தை நான் எடுக்கமாட்டேன்.

ஏற்கெனவே தவறான கரன்சியில் கணக்கைத் தொடங்கிவிட்டேன். என்ன செய்யலாம்?

நீங்களாக இரண்டாவது கணக்கு மட்டும் தொடங்காதீர்கள். ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்ற விதியை மீறியதாகி, இரண்டின் இருப்பையும் முடக்குவார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். முதல் டெபாசிட்டுக்குப் பிறகு கரன்சியை மாற்ற முடியாது என்பார்கள். பழையதை மூடிவிட்டு வேறு கரன்சியில் புதிதாகத் திறக்க அனுமதிப்பீர்களா என்று கேளுங்கள், சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். அந்தப் பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வையுங்கள், சாட்டில் சொன்னது பிறகு கிடைக்காது.

அதுவும் முடியாது என்றால், இருக்கும் கணக்கின் கரன்சியிலேயே ஒரு வாலட்டோ பல கரன்சிக் கணக்கோ திறந்து, அந்தக் கரன்சியிலேயே போய் வரச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் பணத்தை இதற்காக அவசரமாக வெளியே எடுக்க வேண்டாம். போட்டபோது ஆன செலவு போனது போனதுதான். இப்போது எடுத்தால் எடுக்கும் செலவும் சேரும். அந்தப் பணம் நல்ல பந்தயங்களில் சுழன்றுகொண்டிருக்கட்டும். அடுத்த டெபாசிட்டை மட்டும் புது வழியில் போட்டு, அதே வழியில் எடுக்கவும் விடுகிறார்களா என்பதை முதலில் ஒரு சிறு தொகையில் பார்த்துவிடுங்கள்.